நரி காத்திருக்கும் ஐந்து நொடி

நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்கு நரிக் கதை சொல்லச் சொன்னால் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது வடையைப் பறிகொடுத்த காகம்தான். அந்தக் கதையில் குழந்தைகளுக்கு வேலை குறைவு. ‘கா கா’ என்று ஒருமுறை கத்தலாம், அத்தோடு சரி. மூன்று வயதும் ஆறு வயதும் கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு என் தேர்வு, பஞ்சதந்திரத்தில் வரும் பேசும் குகையின் கதை.

பசியோடு அலையும் சிங்கம் ஆளில்லாத குகை ஒன்றைப் பார்க்கிறது. ராத்திரி படுக்க யாராவது வரத்தானே வேண்டும் என்று உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. குகைக்குச் சொந்தக்கார நரி திரும்பி வருகிறது. வாசலில் சிங்கத்தின் காலடித் தடம் உள்ளே போகிறது. வெளியே வந்த தடம் இல்லை. நரி தள்ளி நின்று குகையைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. ‘தினமும் நான் வந்தால் பதில் சொல்வாயே, இன்றைக்கு என்ன ஆச்சு? பேசாவிட்டால் வேறு குகைக்குப் போய்விடுவேன்’ என்கிறது. கைக்கு எட்டிய இரை போகிறதே என்று சிங்கம் குகைக்குப் பதிலாகத் தானே குரல் கொடுக்கிறது. நரி ஓடிவிடுகிறது.

மூலத்தில் இது குழந்தைகள் காதுக்குச் சொன்னதல்ல. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் உள்ள பகையைப் பற்றியது. அடைக்கலம் கேட்டு வந்த எதிரிக் காகத்தை நம்பாதீர்கள் என்று ரத்தாட்சன் என்னும் ஆந்தை மந்திரி எச்சரிக்கிறது. அரசன் கேட்கவில்லை. தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு இடத்தைக் காலிசெய்யும் முன் அந்த மந்திரி சொல்லும் கதை இது. அங்கே இது அரசியல். நம் பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அரசியல் வேண்டாம். இந்தக் கதையை அவர்களுக்காக நான் எடுப்பது ஒரே ஒரு இடத்துக்காக: நரி கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்.

மற்றக் கதைகளில் நிறுத்தம் என்பது சொல்பவர் தன் விருப்பப்படி போட்டுக்கொள்வது. இதில் நிறுத்தம் கதைக்குள்ளேயே நடக்கிறது. குகை பேசாமல் இருக்கும் அந்த ஐந்து நொடியில்தான் நரி வலை விரிக்கிறது. சொல்பவர் பதற்றத்தில் அதை ஒரு நொடியில் தாண்டிவிட்டால், நரி கெட்டிக்காரி என்று வாயால் சொல்லலாமே தவிர, குழந்தைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் இதற்கு வசனம் எழுதும்போது முதலில் அந்த ஐந்து நொடியை நடுவில் வைத்துவிட்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் எழுதிக்கொண்டு போவதே வசதி.

எழுதும் முறை எளிது. ஒரு சாய்கோடு ( / ) என்றால் ஒரு மூச்சு. இரண்டு சாய்கோடு ( // ) என்றால் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம். நரியின் காத்திருப்புக்கு மட்டும் ஐந்து. எண்ணுவதை வாய்க்குள் முணுமுணுக்காமல் காலின் பெருவிரலால் தட்டி எண்ணுவது நல்லது. உதடு அசைந்தால் முன்வரிசை உடனே கண்டுபிடித்துவிடும். வசனம் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். ‘சென்றது’, ‘கூறியது’ என்று வாசித்தால் நான்கு வயதுக் கண்கள் மின்விசிறியைப் பார்க்கப் போய்விடும்.

கதை தொடங்கும் முன் மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். முதலாவது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருவது, ‘உம்’ கொட்டுவது. ‘நான் கதை சொல்லுவேன், நீங்க உம் சொல்லணும். உம் வரலைன்னா கதை தூங்கிடும்.’ இதைவிடச் சிறந்த பங்கேற்பு முறையை யாரும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை என்பது என் எண்ணம். எல்லாக் குழந்தையும் சேரலாம், தப்பே வராது. எங்கே கூட்டம் கவனம் சிதறுகிறது என்பதும் சொல்பவருக்கு உடனே தெரியும். மூன்று ‘உம்’ மெலிந்து வந்தால் அந்தப் பத்தி நீளம் என்று பொருள், அங்கேயே வெட்ட வேண்டும்.

இரண்டாவது, நிறுத்தும் சைகை. கையை விரித்துத் தூக்கினால் சத்தம், மூடினால் கப்சிப். கர்ஜனையைக் கற்றுக்கொடுத்துவிட்டு நிறுத்துவதைக் கற்றுக்கொடுக்காமல் கதையைத் தொடங்கினால், அந்தக் கர்ஜனை ஐந்து நிமிடத்துக்கு ஓயாது. மூன்றாவது, ஊமைக் கர்ஜனை. நம் கிளை நூலகங்கள் பலவற்றில் கதை நடக்கும் கூடமும் பெரியவர்கள் செய்தித்தாள் படிக்கும் கூடமும் ஒன்றுதான். இருபது குழந்தைகள் ஒன்றாக உறுமினால் அங்கிருக்கும் தாத்தாக்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கான வழி: வாயை அகலத் திறந்து, கையை நகமாக மடக்கி, முகத்தையெல்லாம் சுருக்கி, சத்தமே வராமல் கர்ஜிப்பது. குழந்தைகளுக்கு நிஜக் கர்ஜனையைவிட இதுதான் பிடிக்கும். சத்தத்துக்குப் பயப்படும் மூன்று வயதுக் குழந்தையும் அழாது.

இனி வசனம்.

அக்கா: ஒரு காடு. / அந்தக் காட்டுல ஒரு சிங்கராஜா. / காலையிலேர்ந்து சாப்பிடல. வயிறு என்ன சொல்லுது? / ‘கொர்ர்ர்… கொர்ர்ர்…’ உங்க வயித்தைத் தொட்டுப் பாருங்க, எங்கேயாவது கொர்ருங்குதா? //

இந்த இடத்தில் எல்லாரும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். சிங்கத்தைப் பயமாக அறிமுகம் செய்யாமல் பசியாக அறிமுகம் செய்வது வேண்டுமென்றே செய்வதுதான். பசி எல்லாருக்கும் தெரியும். சிங்கத்தின் மேல் கொஞ்சம் இரக்கம் இருந்தால்தான் கடைசியில் அது ஏமாறுவது சிரிப்பாக இருக்கும்.

சிங்கம் (மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக): அட… / ஒரு குகை… / உள்ளே… யாரும்… இல்லையே. // ராத்திரி ஆனா… யாராவது… தூங்க வருவாங்க. / வந்ததும்… (ஊமைக் கர்ஜனை)

குரலைப் பற்றி ஒரு சொல். சிங்கம் என்றதும் தொண்டையை இறுக்கி அடிக்குரலில் உறுமுபவர்கள் இரண்டாவது கதைக்குள் தொண்டை கட்டிக்கொண்டு நிற்பார்கள். சிங்கத்துக்கும் நரிக்கும் வித்தியாசம் காட்டத் தொண்டையைவிட வேகம் உதவும். சிங்கம் சொல்லுக்குச் சொல் மூச்சு விடட்டும். நரி மூன்று சொல்லை ஒரே மூச்சில் சொல்லி, சட்டென்று நிற்கட்டும். யோசிக்கும்போது நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘ட்ச்’ என்று ஒரு சத்தம் போடட்டும். கீச்சுக்குரல் வேண்டாம், கெட்டிக்கார நரி கோமாளி நரியாகிவிடும். கூடவே, சிங்கம் பேசும்போது இடது பக்கம், நரி பேசும்போது வலது பக்கம் என்று உடம்பைத் திருப்பினால் ‘என்று சிங்கம் சொன்னது’ என்ற வாக்கியங்களெல்லாம் தேவையில்லாமல் போய்விடும். பக்கத்தை நடுவில் மாற்றிவிடக் கூடாது. பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், குழந்தைகள் கவனிப்பார்கள்.

படமோ பொம்மையோ காட்டுவதானால் இன்னொன்று. கடைகளில் கிடைக்கும் படங்களில் நரி செக்கச்செவேல் என்று, வெள்ளை வால்நுனியோடு இருக்கும். அது குளிர்நாட்டுச் செந்நரி. நம் வறண்ட காடுகளில் உள்ள நரி சாம்பலும் பழுப்பும் கலந்தது, வால்நுனி கறுப்பு. சாக்குத் துணியில் தைத்து வாலின் முனையைக் கரியில் தோய்த்தால் நம் ஊர் நரி தயார்.

அடுத்து காலடித் தடம். அட்டையில் எட்டுத் தடம் வெட்டிக்கொண்டால் போதும். மேஜை மேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டால் குகை. சிங்கம் உள்ளே போகும்போது சொல்பவர் தடங்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே போக, குழந்தைகள் தொடையில் தட்டி ‘தொம்… தொம்…’ என்று நடை போட வேண்டும். தடத்தை வட்டமாக வெட்டிவிட்டால் எல்லாம் கெட்டது. எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. பின்னால் ஒரு பெரிய மெத்தை, முன்னால் நான்கு விரல். சிங்கம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் தடத்தில் நகக்குறி பதியாது, அதனால் நகம் வரைய வேண்டாம். விரல் பார்க்கும் பக்கம்தான் போன பக்கம் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடாமல், நரி வரும்போது கேட்கலாம்.

நரி (வேகமாக): வீட்டுக்குப் போலாம், தூங்கலாம், காலை நீட்டலாம்… ட்ச். / இது என்ன? //

அக்கா: நரி மாமாவுக்கு ஒண்ணும் புரியல. ஒருத்தர் வந்து காலை வச்சுப் பாருங்க. உங்க விரல் எந்தப் பக்கம் பாக்குது?

ஒரு குழந்தை எழுந்து வந்து தடத்தின் மேல் காலை வைத்துக் குகை வாசல்வரை நடக்கும். ஐந்து வயதுக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். மூன்று வயதுக்காரர்களுக்கு நடந்து பார்த்தால்தான் விளங்கும்.

அக்கா: உள்ளே போன கால் இருக்கு. / வெளியே வந்த கால்? //

இந்த இரட்டைக்கோட்டில் சொல்பவர் வாயைத் திறக்கவே கூடாது. பதில் ஒரே குழந்தையிடமிருந்து வந்தாலும் போதும். ‘இல்ல!’ என்று அது கத்தியதும் மற்றவர்கள் தடங்களைத் திரும்பப் பார்ப்பார்கள்.

இங்கேதான் முதல் சிக்கலும் வரும். யாராவது ஒரு குழந்தை தாங்க முடியாமல், ‘நரி மாமா, உள்ள போகாதே, சிங்கம் இருக்கு!’ என்று கூவிவிடும். கதை கெட்டுவிட்டதே என்று ‘உஷ்’ சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தை கதைக்குள் நன்றாக நுழைந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சொல்பவர் குரலைத் தாழ்த்தி, ‘நமக்குத் தெரியும், நரி மாமாவுக்குத் தெரியாது. அது தானாக் கண்டுபிடிக்குதான்னு பாப்போமா?’ என்று ரகசியம் பேசினால், கூவிய குழந்தையே மற்றவர்களை அடக்கும் காவல்காரராகிவிடும்.

‘நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது’ என்ற அந்த வாக்கியம் சாமானியமானதல்ல. 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் குழந்தைகளிடம் ஒரு சின்னக் கதை சொல்லிச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? சாக்லேட் இப்போது இருக்கும் இடத்திலேயே தேடுவான் என்றுதான் மூன்று வயதுக் குழந்தைகள் பொதுவாகச் சொல்வார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம். நான்கு, ஐந்து வயதில்தான் இது மாறுகிறது. பேசும் குகையின் கதை முழுக்க இந்த வித்தியாசத்தின் மேல் நிற்கிறது. சிங்கம் இருப்பது நரிக்கு நிச்சயமாகத் தெரியாது. குகை பேசாது என்பது நரிக்குத் தெரியும். குகை பேசும் என்று சிங்கம் நம்புகிறது. மூன்று அடுக்கு. சின்னவர்களுக்கு இதில் ஒன்றிரண்டு நழுவத்தான் செய்யும். அதனால் மற்றக் கதைகளில் மிகையாகத் தோன்றும் ஒரு காரியத்தை இதில் செய்ய வேண்டியிருக்கிறது: சிங்கம் மனதில் நினைப்பதையும் நரி மனதில் நினைப்பதையும் சொல்பவர் தலையில் கைவைத்து வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

நரி (கூட்டத்தின் பக்கம் குனிந்து, ரகசியமாக): குகை பேசுமா? // பேசாது இல்ல? / ஆனா நான் கூப்பிடப் போறேன். நீங்களும் கூட கூப்பிடுங்க.

குழந்தைகள் (கை விரிந்ததும்): குகையே! குகையே!

(கை மூடுகிறது. ஐந்து எண்ணிக்கை.)

இதுதான் அந்த இடம். உடம்பு அசையக் கூடாது. ஒரு கையைக் காதருகே குவித்துக்கொண்டு குகைத்துணியை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது எண்ணிக்கையில் ஏதாவது பேசிவிடலாமா என்று சொல்பவருக்குத்தான் இருப்புக்கொள்ளாது, குழந்தைகளுக்கு அல்ல. அவர்களும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது சிக்கல் இங்கே. கூப்பிட்டால் பதில் சொல்வது குழந்தைகளின் பழக்கம், அதனால் எவராவது ‘என்ன?’ என்று சொல்லிவிடலாம். குகை இப்போது பேசிவிட்டால் கதை சரிந்துவிடும். திட்டாமல் சமாளிக்க ஒரு வரி கைவசம் இருக்கட்டும்: ‘அது பக்கத்து மலையோட எதிரொலி. நம்ம குகை இன்னும் பேசல. இன்னொரு தடவை கூப்பிடுவோம்.’ மறுபடி கூப்பிட்டு, மறுபடி ஐந்து. முதல் தடவையைவிட இரண்டாவது மௌனம் இன்னும் கெட்டியாக வரும். சில நாள் வேண்டுமென்றே இரண்டு தடவை கூப்பிடலாம். மூன்று வேண்டாம், அலுத்துவிடும்.

நரி (உரக்க, கோபம் போல): என்ன குகையே! தினமும் நான் வந்தா ‘வாடா கண்ணு’ன்னு கூப்பிடுவியே! / இன்னிக்கு என்ன கோபம்? / சரி. நீ பேசலைன்னா நான் பக்கத்துக் குகைக்குப் போறேன். / ஒண்ணு… / ரெண்டு… //

சிங்கம் (தலையில் கைவைத்து, தனக்குள்): அய்யய்யோ! இந்தக் குகை தினமும் பேசுமா? / நான் இருக்கேன்னு பயந்து பேசல போல! / நரி போயிடுமே! / நானே பேசிடறேன். // வாடா… கண்ணு… / உள்ளே… வா…!

இந்த ‘வாடா கண்ணு’வைச் சிங்கக் குரலில், ஆனால் கொஞ்சுவதுபோல் சொல்ல வேண்டும். கூட்டம் சிரிக்கும் இடம் இதுதான். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரிக்குப் போகக் கூடாது. சிரிப்போடு சேர்த்துச் சொன்னால் நரி ஓடுவது யார் காதிலும் விழாது.

நரி: ட்ச். / இத்தனை நாளா இந்தக் காட்டுல இருக்கேன். எந்தக் குகையும் என்னை ‘வாடா கண்ணு’ன்னு கூப்பிட்டதில்லை! // ஓடு!

குழந்தைகள் தொடையில் தட்டும் ஓட்டம் வேகமாகத் தொடங்கி, சொல்பவரின் கை தாழத் தாழ மெலிந்து, கை மூடியதும் நிற்கும். மொத்தம் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். அதைத் தாண்டினால் எங்கோ நாம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

கதை முடிந்ததும் ‘இதிலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?’ என்று கேட்கும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. அந்தக் கேள்விக்குப் பெரியவர்களைத் திருப்திப்படுத்தும் பதில்தான் கிடைக்கும். அதைவிட, ‘குகை பேசிச்சா?’ என்று கேட்கலாம். சின்னவர்கள் சிலர் ‘பேசிச்சு’ என்பார்கள். பெரியவர்கள் கொதித்துப்போய், ‘அது சிங்கம்!’ என்பார்கள். ‘அப்போ நரிக்கு எப்படித் தெரிஞ்சுது?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். பெரியவர்கள் தடங்களைக் காட்டிச் சின்னவர்களுக்கு விளக்குவார்கள். யாராவது சிங்கத்தின் பசியைப் பற்றிக் கேட்டால், பஞ்சதந்திரம் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை; குழந்தைகளையே சொல்லச் சொல்லலாம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களுக்காகப் பக்கத்தில் இரண்டு புத்தகங்களைப் பரப்பி வைக்கலாம், பஞ்சதந்திரமும் ஈசாப்பும். ஈசாப்பில் நோயாளிபோல் நடித்துக் குகையில் படுத்திருக்கும் சிங்கம் வருகிறது. நலம் விசாரிக்கப் போன விலங்குகளின் தடம் உள்ளே மட்டும் போவதைப் பார்த்து நரி வாசலிலேயே நின்றுவிடுகிறது. பிளேட்டோவின் பெயரில் வழங்கும் ஓர் உரையாடலில், ஸ்பார்ட்டாவுக்குள் பணம் போகிறது, வெளியே வருவதில்லை என்று சொல்ல சாக்ரடீஸ் இந்தத் தடங்களைத்தான் உவமை காட்டுகிறார். நரி கூப்பிடுவதும் குகை பேசுவதும் ஈசாப்பில் இல்லை. அதனால் பாயில் நடத்துவதற்கு நம் கதைதான் தோது.

அடுத்த வாரமும் இதே கதையைக் கேட்பார்கள். மறுக்க வேண்டாம், ஆனால் அந்தத் தடவை சிங்கத்தை ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடலாம். துணிக்குள் போய் உட்கார்ந்து, மற்றவர்கள் கூப்பிடும்போது ஐந்து எண்ணும்வரை பேசாமல் இருக்க வேண்டும். மிரட்டலுக்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கையிலேயே துணிக்குள்ளிருந்து களுக்கென்று சிரிப்பு வந்துவிடும். வந்தால், ‘ட்ச்’ என்று சொல்லி நரி அப்போதே ஓடிவிட வேண்டியதுதான். கதை இரண்டு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும், முடியட்டும். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகும் வசனத்தில் இருக்கிறதே என்று காத்துக்கொண்டு நின்றால் அது என்ன நரி?